இரண்டு கோளாறு சேர்ந்தால் ‘நார்மல்’

‘ஃபெரிட்டின் நார்மல். ஆகவே இரும்புச்சத்துக் குறைவு இல்லை.’ ரத்தசோகைக்குப் பரிசோதனை செய்துகொண்ட பலர் இந்த முடிவோடு வீடு திரும்பியிருப்பார்கள். வேறு நோய் ஏதுமில்லாத ஆளுக்கு இது பெரும்பாலும் சரி. மூட்டுவாதம், காசநோய், சிறுநீரகக் கோளாறு, ஆறாத புண் என்று உடம்பில் நெடுநாள் அழற்சி ஒன்று இருப்பவருக்கு இதே வாக்கியம் அடியோடு தவறாகப் போகலாம். அவர் உடம்பில் இரும்பு வற்றிக் கிடக்கும், ரிப்போர்ட்டில் மட்டும் எண் அழகாக எல்லைக்குள் நிற்கும்.

இது ஏன் நடக்கிறது என்று புரிய ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இவர் விளக்கத்துக்காக உருவாக்கிய மாதிரி நோயாளி. எண்கள் மூட்டுவாத வார்டில் அன்றாடம் பார்க்கக்கூடியவை.

வயது 54. எடை 50 கிலோ. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. ஆறு வருடமாக முடக்குவாதம், அதாவது டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்று சொல்லும் மூட்டு நோய். விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 8.6. இந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். நான்கு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. ‘அயர்ன் ஸ்டடீஸ்’ எனப்படும் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட் இப்படி வந்தது: ஃபெரிட்டின் 58, சீரம் அயர்ன் 24, டி.ஐ.பி.சி 312, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 7.7 சதவீதம். ஃபெரிட்டினுக்கு லேப் போட்டிருந்த எல்லை 13 முதல் 150. டி.ஐ.பி.சி-க்கு 250 முதல் 450. இரண்டும் நார்மல். முதலில் பார்த்த டாக்டர், “இது மூட்டு நோயால் வந்த சோகை, இரும்பு மாத்திரை வேண்டாம்” என்று நிறுத்திவிட்டார்.

அவர் செய்ததைக் குறை சொல்லும் முன், இந்த நான்கு எண்களும் எதை அளக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

நம் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில். மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும், எலும்பு மஜ்ஜையிலும், மண்ணீரலிலும் இருப்பாகக் கிடக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடு தட்டிய சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் விழுங்கி, உள்ளேயிருக்கும் இரும்பைப் பிரித்தெடுத்துத் திருப்பிக் கொடுக்கின்றன. புது ரத்தம் ஊற ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதில் சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் பழைய இரும்பின் மறுசுழற்சி. பேரீச்சம்பழத்தையும் முருங்கைக்கீரையையும் பற்றி நாம் பேசும் அளவுக்கு இந்த மறுசுழற்சியைப் பற்றிப் பேசுவதில்லை. நீண்டநாள் நோயில் வரும் ரத்தசோகையில் முதலில் அடைபடுவது இந்த வழிதான்.

நெல் கொள்முதல் செய்யும் ஊர்களில் கிடங்கும் லாரியும் எப்படியோ, அப்படித்தான் இந்த ஏற்பாடு. ஃபெரிட்டின் என்பது செல்லுக்குள் இருக்கும் கிடங்கு. ஒரு ஃபெரிட்டின் மூலக்கூறு சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடக்கி வைக்கும். டிரான்ஸ்ஃபெரின் என்பது ரத்தத்தில் ஓடும் லாரி. கிடங்கிலிருந்து இரும்பை ஏற்றிக்கொண்டு போய் எலும்பு மஜ்ஜையில் இறக்குவது அதன் வேலை. சீரம் அயர்ன் என்பது பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த அந்த நேரத்தில் லாரிகளில் இருந்த சரக்கு. டி.ஐ.பி.சி என்பது எல்லா லாரிகளிலும் சேர்த்து எவ்வளவு ஏற்ற முடியும் என்ற கணக்கு. சரக்கைக் கொள்ளளவால் வகுத்து நூறால் பெருக்கினால் சாச்சுரேஷன். நம் நோயாளிக்கு 24-ஐ 312-ஆல் வகுத்தால் 7.7 சதவீதம் வருகிறது. ஆரோக்கியமானவருக்கு இது 20-க்கும் 45-க்கும் இடையில் இருக்கும்.

ரத்தத்தில் அளக்கும் ஃபெரிட்டின், கிடங்கிலிருந்து வெளியே கசிந்து வரும் சிறு பங்கு. அதற்குள் இரும்பு அதிகம் இருக்காது. ஆனாலும் உள்ளே இருப்பு கூடினால் இதுவும் கூடும், குறைந்தால் குறையும். 1972-இல் சீரம் ஃபெரிட்டினை அளக்கும் முறை வந்த பிறகுதான், எலும்பு மஜ்ஜையை ஊசியால் எடுத்து நீலச்சாயம் ஏற்றிப் பார்க்காமலேயே இரும்பு இருப்பைக் கணிக்க முடிந்தது. தோராயமாக, சீரம் ஃபெரிட்டின் ஒரு நானோகிராம் என்றால் உடம்பில் 8 மில்லிகிராம் இரும்பு சேமிப்பில் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அழற்சி இல்லாத உடம்புக்கு மட்டும் பொருந்தும் கணக்கு இது.

அழற்சி வந்தால் என்ன ஆகிறது? கிருமிகள் பெருகுவதற்கும் இரும்பு வேண்டும். ஆகவே கிருமி நுழைந்த சந்தேகம் வந்ததும் உடம்பு செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, ரத்தத்தில் ஓடும் இரும்பை எடுத்துப் பதுக்குவது. இந்த வேலையைச் செய்வது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சிறு ஹார்மோன். 2000, 2001-ஆம் ஆண்டுகளில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கலிஃபோர்னியாவில் டோமஸ் கான்ஸ் என்பவரின் குழு இதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தபோது, கிருமியைக் கொல்லும் ஒரு பொருளைத்தான் கண்டுவிட்டோம் என்று நினைத்தார்கள். இரும்பின் போக்குவரத்தையே ஆள்வது இதுதான் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசல் ஃபெரோபோர்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதில் ஒட்டிக்கொண்டு அந்த வாசலையே அழித்துவிடுகிறது. மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் பழைய இரும்பு வெளியே வராது. குடல் செல்லுக்குள் வந்த புது இரும்பும் ரத்தத்தில் சேராது. இரண்டு மூன்று நாளில் அந்தக் குடல் செல் உதிரும்போது அதுவும் மலத்தோடு போய்விடும்.

ஹெப்சிடினைக் கிளப்பிவிடும் சமிக்ஞைகளில் முக்கியமானது இன்டர்லூகின்-6. 2004-இல் வந்த ஒரு ஆய்வில், மனமுவந்து வந்த ஆரோக்கியமான ஆட்களுக்கு இதைச் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சிறுநீரில் ஹெப்சிடின் ஏழு மடங்குக்கு மேல் கூடியது. சீரம் அயர்னும் சாச்சுரேஷனும் இறங்கின. சாப்பாடு மாறவில்லை, ரத்தம் போகவில்லை, ஒரு சமிக்ஞை மட்டும் மாறியது. முடக்குவாதத்தில் இந்தச் சமிக்ஞை வருடக்கணக்கில் ஓய்வதே இல்லை. கிருமி என்று எதுவும் இல்லாதபோதும் உடம்பு பதுக்கிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் ஊற இரும்பு கிடைக்காமல் சோகை வருகிறது. இதைத்தான் நீண்டநாள் நோயின் ரத்தசோகை என்கிறோம். இங்கே இரும்பு இல்லாமல் போகவில்லை, வெளியே வர வழியில்லாமல் உள்ளே கிடக்கிறது.

இப்போது எண்களுக்கு வருவோம். இந்த இரண்டு நோய்களும் தனித்தனியாக வந்தால் ரிப்போர்ட்டில் எப்படித் தெரியும் என்று பார்த்தால்தான் இரண்டும் சேர்ந்து வரும்போது நடக்கும் கூத்து புரியும்.

மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் 19 வயதுப் பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். வேறு நோய் இல்லை. இருப்பு காலி, ஆகவே ஃபெரிட்டின் 5. இரும்பு போதவில்லை என்று கல்லீரல் உணர்ந்து டிரான்ஸ்ஃபெரினை மேலும் மேலும் செய்து அனுப்புகிறது, ஆகவே டி.ஐ.பி.சி 468. சீரம் அயர்ன் 22. சாச்சுரேஷன் 4.7 சதவீதம். இதில் குழப்பமே இல்லை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போய்விட்டால் இரும்பு தீர்ந்துவிட்டது என்று அடித்துச் சொல்லலாம். இவ்வளவு கீழே அதை இறக்க வேறு காரணம் அநேகமாகக் கிடையாது. 30-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்றுதான் இன்று பல டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதையே நானும் நியாயம் என்று நினைக்கிறேன். லேப் அச்சடிக்கும் 13 என்ற கீழ் எல்லை ‘சாதாரண’ பெண்களை அளந்து போட்டது, அந்தச் சாதாரணப் பெண்களிலேயே எத்தனையோ பேருக்கு இரும்பு குறைவு. நம் ஊர் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

அடுத்து, முடக்குவாதம் முற்றிய, ஆனால் எங்கும் ரத்தம் போகாத 61 வயது ஆண். ஹீமோகுளோபின் 10.1. அழற்சி இருந்தால் செல்கள் ஃபெரிட்டினைக் கூடுதலாகச் செய்கின்றன. உள்ளே அடைபட்ட இரும்பும் அதைக் கூட்டுகிறது. ஆகவே ஃபெரிட்டின் 340. அதே அழற்சியில் கல்லீரல் டிரான்ஸ்ஃபெரின் செய்வதைக் குறைத்துவிடுகிறது. ஆகவே டி.ஐ.பி.சி 205. சீரம் அயர்ன் 36. சாச்சுரேஷன் 17.6 சதவீதம்.

இந்த இரண்டு ரிப்போர்ட்டிலும் சீரம் அயர்ன் குறைவு, சாச்சுரேஷன் குறைவு. ஆக, அயர்ன் குறைவு என்பதை மட்டும் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்ல முடியாது. மருந்துக்கடையில் ‘அயர்ன் கம்மியா இருக்கு’ என்று மாத்திரை வாங்குபவர்கள் செய்யும் பிழை இதுதான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது மற்ற இரண்டு எண்கள். இரும்புக் குறைவில் ஃபெரிட்டின் இறங்கும், டி.ஐ.பி.சி ஏறும். அழற்சியில் ஃபெரிட்டின் ஏறும், டி.ஐ.பி.சி இறங்கும். நேர் எதிர்த் திசைகள்.

இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால்? ஃபெரிட்டினை இரும்புக் குறைவு கீழே இழுக்கிறது, அழற்சி மேலே இழுக்கிறது. அது நடுவில் 58-இல் வந்து நிற்கிறது. டி.ஐ.பி.சி-யை ஒன்று மேலே இழுக்க, மற்றொன்று கீழே இழுக்க, அதுவும் நடுவில் 312-இல் நிற்கிறது. நம் 54 வயது நோயாளியின் ரிப்போர்ட்டில் நார்மல் என்று தெரிந்த இரண்டு எண்களும் உண்மையில் இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் வந்தவை. இரண்டு நோயும் ஒரே பக்கம் இழுக்கும் எண்கள் அயர்னும் சாச்சுரேஷனும்தான். அவைதான் கீழே கிடக்கின்றன. 7.7 என்ற ஒற்றை இலக்கச் சாச்சுரேஷன் இருக்கும்போது ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்ல இடமே இல்லை. வெறும் அழற்சியில் சாச்சுரேஷன் இவ்வளவு கீழே போகாது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இப்படிப் போனால் உண்மையான குறைவும் கூட இருக்கிறதா என்று தேடாமல் விடக்கூடாது.

தேடுவதற்கு முதல் படி, அழற்சி இருக்கிறதா என்று அளப்பது. சி.ஆர்.பி என்ற எளிய பரிசோதனை போதும். 5-க்குக் கீழே இருக்க வேண்டிய அது இவருக்கு 42. இந்த ஒரு எண் கையில் வந்ததும் ஃபெரிட்டினைப் படிக்கும் அளவுகோல் மாறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே என்றால் குறைவு, தொற்றோ அழற்சியோ இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழே என்றாலே குறைவு என்று கொள்ளலாம். மருத்துவமனைகளில் பலர் இன்னும் தாராளமாக, அழற்சி உள்ளவருக்குச் சாச்சுரேஷன் 20-க்குக் கீழே இருந்து ஃபெரிட்டினும் 100-க்குக் கீழே இருந்தால் இரண்டும் கலந்த சோகை என்று வைத்துக்கொள்கிறார்கள். 58 எந்தக் கணக்கில் பார்த்தாலும் குறைவுதான்.

இதயம் பலவீனமானவர்களுக்கு 100-க்கும் தாண்டி 299 வரைகூட, சாச்சுரேஷன் 20-க்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு வேறு எல்லைகள். ஒரே ஃபெரிட்டின் எண்ணுக்கு ஆளைப் பொறுத்து அர்த்தம் மாறுவது லேப் ரிப்போர்ட்டின் அச்சடித்த கட்டத்துக்குள் அடங்காத விஷயம்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த வேறு சில வழிகள் உண்டு. இரும்புக்குப் பசித்த செல்கள் தங்கள் மேற்பரப்பில் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். அவற்றில் கொஞ்சம் ரத்தத்தில் உதிரும். அதை அளக்கலாம். அழற்சி அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பதே அதன் சிறப்பு. எல்லா லேபிலும் செய்வதில்லை, செலவும் கூட. புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்களில் எவ்வளவு ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது என்று சில நவீன ரத்த எண்ணிக் கருவிகள் சொல்லும். கடந்த சில நாட்களில் மஜ்ஜைக்கு இரும்பு கிடைத்ததா என்பதற்கு அது நேரடிச் சாட்சி. சிவப்பணுக்களின் சராசரி அளவும் உதவும். வெறும் அழற்சியில் அது பெரும்பாலும் இயல்பாக இருக்கும், இரும்பு தீர்ந்தால் சிறுக்கும். நம் நோயாளிக்கு எம்.சி.வி 77. 80-க்கு மேல் இருக்க வேண்டும். சிறுத்த அணுவைப் பார்த்ததும் தலசீமியா வழி மரபும் நினைவுக்கு வர வேண்டும், ஆனால் அதில் சாச்சுரேஷன் இப்படிச் சரியாது.

இவரை இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் மேற்கொண்டு பரிசோதனை எழுதுவதற்குமுன் பேச்சுக் கொடுத்தார்.

“வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்கம்மா?”

“கடையில கேட்டா குடுப்பாங்க சார். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. போடலைன்னா கையை மடக்க முடியாது.”

“எவ்வளவு நாளா?”

“அது ஆச்சு, மூணு வருஷம்.”

“வெளிக்கு எப்படிப் போகுது? நிறம் ஏதாவது மாறியிருக்கா?”

“கறுப்பாத்தான் போகுது. சத்து மாத்திரை போட்டா அப்படித்தான் போகும்னு சொன்னாங்களே.”

“சத்து மாத்திரையை நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?”

“மூணு வாரம் இருக்கும்.”

“இப்பவும் கறுப்பாத்தான் போகுதா?”

“ஆமா சார்.”

இங்கேதான் விஷயம் உடைந்தது. இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும் என்பது உண்மை. இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். மாத்திரையால் வரும் கறுப்பு சற்றுப் பச்சை கலந்து, கட்டியாக இருக்கும். ரத்தத்தால் வரும் கறுப்பு பிசுபிசுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு இருக்கும். மாத்திரையை நிறுத்திச் சில நாளில் நிறம் திரும்பவில்லை என்றால் பின்னதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கடையில் வாங்கிய மாத்திரை டைக்ளோஃபெனாக். எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு புண்கள் தெரிந்தன. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் எந்த வயது ஆணுக்கும் இரும்பு தீர்ந்துபோகிறது என்றால், எங்கோ ரத்தம் போகிறதா என்று வயிற்றையும் குடலையும் பார்த்தாக வேண்டும். சில சமயம் அங்கே புற்றுநோய்கூட இருக்கும். ‘நார்மல் ஃபெரிட்டின்’ என்று நிறுத்திக்கொண்டால் போவது மாத்திரை மட்டுமல்ல, இந்தத் தேடலும்தான்.

சிகிச்சையிலும் இந்தக் கலப்பு தன் வேலையைக் காட்டும். நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஏன் ஏறவில்லை? ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது ஒரு காரணம். ஹெப்சிடின் குடலில் வாசலை அடைத்து வைத்திருந்தது இன்னொரு காரணம். சி.ஆர்.பி 42 இருக்கும் உடம்பில் வாய்வழி இரும்பு சரியாக ஏறாது. மாத்திரையைக் கூட்டினாலும் பெரிதாகப் பயனில்லை. அதிக இரும்பைக் கண்டால் ஹெப்சிடின் தானாகவே இன்னும் ஒரு நாளைக்குக் கூடும். அழற்சி இல்லாதவர்களுக்குக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை கொடுக்கலாம் என்ற யோசனை வந்ததே இதனால்தான். புண்ணுக்குக் கொடுக்கும் அமிலக் குறைப்பு மாத்திரையும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஆகவே இவருக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதே தோது.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. எட்ட வேண்டிய ஹீமோகுளோபினிலிருந்து இப்போதுள்ளதைக் கழித்து, எடையாலும் 2.4-ஆலும் பெருக்கி, கிடங்கை நிரப்ப 500 சேர்த்துக்கொள்வது. இலக்கு 15 என்று வைத்தால் வித்தியாசம் 6.4. அதை 50-ஆலும் 2.4-ஆலும் பெருக்கினால் 768. ஐந்நூறு சேர்த்தால் 1,268 மில்லிகிராம். ஒரே அடியில் ஏற்ற மாட்டார்கள், மருந்தின் வகையைப் பொறுத்துப் பிரித்து ஏற்றுவார்கள். ஒவ்வாமை அரிதாக வரலாம் என்பதால் மருத்துவமனையில் வைத்துத்தான் செய்ய வேண்டும். உடம்பில் கிருமித் தொற்று தீவிரமாக இருக்கும்போது தள்ளிப்போடுவார்கள். இதனோடு டைக்ளோஃபெனாக் நின்றது. புண்ணுக்கு மருந்து தொடங்கியது. மூட்டு நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட்டின் அளவையும் மூட்டு டாக்டர் திருத்தினார்.

பரிசோதனை எப்போது செய்வது என்பதிலும் ஏமாற இடம் உண்டு. நரம்பில் இரும்பு ஏற்றிய கையோடு ஃபெரிட்டின் பார்த்தால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும். குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் எட்டு வாரம் விட வேண்டும். இரும்பு மாத்திரை விழுங்கிச் சில மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தால் சீரம் அயர்ன் எகிறும், சாச்சுரேஷனும் கூடவே ஏறி, குறைவே இல்லை என்று காட்டும். ஆகவே முந்தைய நாளே மாத்திரையை நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. காய்ச்சலோ சளியோ இருக்கும்போதும், விட்டுச் சில வாரங்களிலும் ஃபெரிட்டின் பார்ப்பதில் அர்த்தமில்லை. டெங்குவில் அது ஆயிரங்களில் ஏறும். கொழுப்புக் கல்லீரல், மது, சர்க்கரை நோய், உடல் பருமன் இவையெல்லாம் அதைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்திருக்கும். நாற்பது வயதைத் தாண்டி, கொழுப்புக் கல்லீரல் இருப்பவருக்கு ஃபெரிட்டின் 120 என்று வந்தால் அதை இரும்பு இருப்பின் அளவாகப் படிப்பது ஆபத்து. அப்படிப்பட்டவருக்குச் சாச்சுரேஷன்தான் கைகொடுக்கும். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. கல்லீரல் பழுதானாலோ, புரதச்சத்து குறைந்தாலோ டிரான்ஸ்ஃபெரினே குறைவதால் வகுக்கும் எண் சிறுத்து, சாச்சுரேஷன் பொய்யாக உயர்ந்து தெரியும்.

நம் நோயாளிக்கு எட்டு வாரம் கழித்து எடுத்த ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 10.8. ஃபெரிட்டின் 240. சாச்சுரேஷன் 25 சதவீதம். சி.ஆர்.பி 19. எட்டு வாரத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் ஏறியதே, இரும்பு உண்மையில் குறைந்திருந்தது என்பதற்கு இறுதிச் சான்று. அழற்சிச் சோகை மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது.

ஆனால் 12-ஐ எட்டவில்லை. அவருடைய கணவர், “இன்னொரு தடவை இரும்பு ஏத்திட்டா சரியாயிடுமா சார்?” என்று கேட்டார். டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சாச்சுரேஷன் இருபதைத் தாண்டிவிட்டது. மஜ்ஜைக்கு இரும்பு போய்க்கொண்டிருக்கிறது. இனி ஏற்றினால் கிடங்கில்தான் சேரும். குறையும் இந்த 1.2 புள்ளியைப் பிடித்து வைத்திருப்பது சி.ஆர்.பி 19 சொல்லும் மூட்டு அழற்சி. அதைக் குறைக்க மூட்டு நோய்க்கான மருந்தைத்தான் கூட்ட வேண்டும், இரும்பை அல்ல. “மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்ப ஹீமோகுளோபினையும் சி.ஆர்.பி-யையும் சேர்த்துப் பார்ப்போம். சி.ஆர்.பி இறங்கியும் ஹீமோகுளோபின் ஏறலைன்னா, இல்ல சாச்சுரேஷன் திரும்ப இருபதுக்குக் கீழே போச்சுன்னா, ரத்தம் வேற எங்காவது போகுதான்னு குடலையும் கேமரா விட்டுப் பார்க்கணும்” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.